கத்தரிக்கோலில் ஒரு பெயர்: முன்கதையைச் சிறுகச் சிறுகச் சொல்வது

கதை எழுதப் பழகுகிறவர்களின் கைப்பிரதியில் முதல் பக்கத்திலோ இரண்டாம் பக்கத்திலோ கனமான ஒரு பத்தி வந்துவிடும். பாத்திரத்தின் ஊர், வயது, தொழில், பட்ட அடி, இழந்த உறவு எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். விளக்குவதற்கு வசதியாக அப்படி ஒரு பத்தியை நானே எழுதித் தருகிறேன்.

"மாணிக்கத்துக்கு 58 வயது. சொந்த ஊர் ராஜபாளையம். அங்கே 23 வருடம் தையல்கடை வைத்திருந்தார். கடைக்குத் தன் ஒரே மகள் கவிதாவின் பெயரையே வைத்திருந்தார். 2011இல் கவிதா தனக்குப் பிடித்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கோபத்தில் மாணிக்கம் கல்யாணத்துக்குப் போகவில்லை. தைத்துத் தருவதாகச் சொல்லி அளவெடுத்த கல்யாண ஜாக்கெட்டையும் தைக்கவில்லை. மறு வருடம், மச்சினன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதில் கடை கைவிட்டுப் போனது. 2014இல் மனைவி இறந்தாள். அதற்குப் பிறகு சென்னைக்கு வந்து வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார்."

கதை தொடங்குவதற்கு முன்பே பாத்திரத்தின் வாழ்க்கையில் நடந்து முடிந்தவற்றை முன்கதை என்கிறோம். மேலே இருப்பது முழுக்க முன்கதை. வாக்கியங்கள் தெளிவாகத்தான் இருக்கின்றன. விஷயமும் அழுத்தமானதுதான். ஆனாலும் படிக்கும்போது நமக்குள் ஒன்றும் ஆகவில்லை. மாணிக்கம் எப்படி உட்காருவார், எப்படிப் பேசுவார் என்றுகூடத் தெரியாத நேரத்தில் அவருடைய துக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று நாம் கேட்பதற்குள் பதில் வந்துவிட்டது. கேட்காத கேள்விக்கு வரும் பதில் மனதில் தங்காது. இரண்டு பக்கம் தள்ளிப் போனால் ஊர் ராஜபாளையமா சிவகாசியா என்றே வாசகருக்கு மறந்திருக்கும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. இந்தக் கதையின் உயிரே தைக்காமல் விட்ட அந்த ஜாக்கெட்தான். அதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டால், பிறகு அந்த இடம் வரும்போது வாசகர் எதையும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. ஏற்கெனவே தெரிந்ததை இன்னொரு முறை கேட்பார், அவ்வளவுதான்.

சரி, இதே விஷயங்களை ஒரே இரவில் நடக்கும் ஒரு சிறுகதைக்குள் எப்படிப் பிரித்து வைக்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் இன்றைய சம்பவம்

முன்கதையைப் பிரித்து வைக்க இடம் வேண்டும். அந்த இடம், கதையில் இப்போது நடந்துகொண்டிருக்கும் சம்பவம்தான். பலர் முன்கதையை விரிவாக யோசித்துவிட்டு, இன்று என்ன நடக்கிறது என்பதை யோசிக்காமலே எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். நடப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது விளக்கப் பத்தி தானாக வந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது.

நம் கதைக்கு இப்படி வைத்துக்கொள்வோம். 2019 பிப்ரவரி, இரவு பத்து மணி. மூன்றாவது மாடியில் இருக்கும் நித்யாவின் மகள் தியாவுக்கு ஒன்பது வயது. மறுநாள் காலை பள்ளி ஆண்டு விழாவில் அவள் ஆட வேண்டும். வாடகைக்கு எடுத்து வந்த பரதநாட்டிய உடையில் ஜாக்கெட் தொளதொளவென்று இருக்கிறது. தெருமுனைத் தையல்கடையைப் பூட்டிவிட்டார்கள். பக்கத்தில் வேறு கடை ஏதாவது திறந்திருக்குமா என்று வாட்ச்மேனிடம் கேட்க, மகளையும் அழைத்துக்கொண்டு நித்யா கீழே இறங்கி வருகிறாள்.

இந்தச் சம்பவத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இது மாணிக்கத்துக்கு எங்கே வலிக்குமோ அங்கேயே போய்த் தொடுகிறது. ஒரு பெண் குழந்தை, நாளை ஒரு மேடை, சரியில்லாத ஓர் ஜாக்கெட். இதே மாணிக்கத்தை வைத்து, குடியிருப்பில் திருடன் புகுந்த கதையை எழுதினால் மகளைப் பற்றிப் பேச வழியே இருக்காது. வலுக்கட்டாயமாக ஒரு பத்தியைச் செருகத்தான் வேண்டும். விளக்கப் பத்தி இல்லாமல் முடியவே முடியாது என்று உங்களுக்குத் தோன்றினால், இன்றைய சம்பவத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களோ என்று ஒருமுறை சந்தேகப்படுங்கள்.

எது வேண்டும், எது வேண்டாம்

அடுத்ததாக, மேலே எழுதிய பத்தியை எடுத்து ஒவ்வொரு தகவலிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இந்த இரவில் மாணிக்கம் செய்யும் எதையாவது புரிந்துகொள்ள இது தேவையா?

அவர் தையல்காரராக இருந்தது தேவை. கடையை இழந்தது தேவை, இல்லையென்றால் தையல் தெரிந்தவர் ஏன் வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்பது புரியாது. மகளும் அந்த ஜாக்கெட்டும் கட்டாயம் தேவை. ஜாமீன் கையெழுத்து தேவையா என்பதில் எனக்கு முதலில் தயக்கம் இருந்தது. கையெழுத்து என்றாலே விலகிப் போகும் ஒரு வாட்ச்மேன் என்று யோசித்துப் பார்த்ததும் அதை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மனைவி இறந்தது வேண்டாம். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இந்த இரவில் அவள் எந்த இடத்திலும் வரவில்லை. துக்கம் அதிகமானால் கதை ஆழமாகும் என்று நினைத்து மரணங்களைச் சேர்த்துக்கொண்டே போவது புதிதாக எழுதுகிறவர்களிடம் நிறையப் பார்க்கிற வழக்கம். ஒரு துக்கத்தை முழுசாகக் காட்ட எழுதும் கதையில் இரண்டாவது துக்கம் வந்தால் இரண்டுமே பாதியாகிவிடும். சரியான வயதும் வேண்டாம், எந்த வருடம் சென்னைக்கு வந்தார் என்பதும் வேண்டாம். ஊர் தானாக வந்தால் வரட்டும்.

ஒவ்வொன்றும் விட்டுப்போன தடம்

இப்போது நான்கு விஷயங்கள் கையில் இருக்கின்றன. நடந்து முடிந்தது எதுவானாலும் மனிதர் மேல் ஒரு தடத்தை விட்டுவிட்டுத்தான் போகும். அந்தத் தடம் உடம்பில் இருக்கலாம், கை வைக்கும் பழக்கத்தில் இருக்கலாம், வீட்டிலிருந்து கிளம்பும்போது விடாமல் எடுத்து வந்த பொருளில் இருக்கலாம், பேசும்போது எதைத் தவிர்க்கிறார் என்பதில் இருக்கலாம். நாம் சம்பவத்தைச் சொல்லப் போவதில்லை. தடத்தை மட்டும் காட்டப் போகிறோம். தடத்திலிருந்து சம்பவத்துக்கு வாசகரே போய்ச் சேருவார்.

தடத்தைத் தேட அந்தத் தொழிலை உள்ளிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். தையல்காரர் என்றதும் தையல் மெஷின்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் மெஷினை எவரும் வாட்ச்மேன் அறைக்குத் தூக்கி வர மாட்டார்கள். அது கடையோடு போயிருக்கும். எது மிஞ்சும்? துணி வெட்டும் கத்தரிக்கோல் மிஞ்சும். அதைத் தையல்காரர்கள் வேறு எதற்கும் பயன்படுத்த விட மாட்டார்கள், காகிதம் வெட்டினால் முனை மழுங்கிவிடும் என்பதால். அப்புறம் இஞ்ச் டேப், அளவு நோட்டு. அளவு நோட்டில் வாடிக்கையாளர் பெயர், உயரம், மார்பு, ஷோல்டர், கை நீளம், கழுத்து என்று எண்கள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் துணியின் ஒரு துண்டைக் குத்தி வைத்திருப்பார்கள். கொடுத்து முடித்தால் ஒரு டிக்.

இந்த அளவு நோட்டு எனக்குப் பெரிய புதையலாகத் தெரிகிறது. ஒரு மனிதரின் உடம்பு வருடத்துக்கு வருடம் எப்படி மாறியது என்பதை அது எழுதி வைத்திருக்கிறது. குழந்தை வளர்வதை எண்களாகவே காட்டிவிடலாம். டிக் இல்லாத ஒரு வரி, கொடுக்கப்படாத ஒரு துணியைச் சொல்லிவிடும். தைக்காமல் விட்ட ஜாக்கெட்டைப் பற்றி நாம் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம்.

கடைப் பெயருக்கும் மகள் பெயருக்கும் இப்படி ஒரே பொருளில் இடம் கிடைக்கிறது. தொழில் சாமான் மாறிப் போகாமல் இருக்கப் பெயரைப் புள்ளி புள்ளியாகக் கொத்தி வைப்பது உண்டு. கத்தரிக்கோலின் பிடியில் "கவிதா" என்று கொத்தியிருக்கட்டும்.

எந்த வரிசையில்?

உண்மையில் நடந்த வரிசை மகள், கடை, கல்யாணம், கடன். கதையில் இந்த வரிசையைப் பின்பற்றத் தேவையில்லை. வாசகருக்கு எந்தக் கேள்வி எப்போது எழும் என்பதை வைத்துத்தான் வரிசை. இந்தக் கதையில் முதலில் ஒரு புதிரான நடத்தை, அடுத்து தொழில், அதற்கப்புறம் கடை போன விதம், கடைசியில் மகள். மனதுக்கு மிக நெருக்கமானது கடைசியில் வரட்டும். நிஜத்திலும் ஒரு மனிதர் நம்மிடம் இந்த வரிசையில்தான் திறக்கிறார்.

முதல் காட்சியில் நித்யா இன்னும் வரவில்லை. இரவு எட்டரை மணி, கூரியர் பையன் வந்திருக்கிறான்.

பையன் நீட்டிய போனை மாணிக்கம் வாங்கவில்லை.

"விரல்ல ஒரு கோடு கிழிச்சாப் போதும்ண்ணா."

"வீட்டுக்காரங்களக் கூப்பிடு. அவங்க வந்து போடட்டும்."

"நாலாவது மாடி. லிஃப்ட் வேற ஓடல."

"அப்ப ஏறிப் போ."

இங்கே கடன் பற்றியோ மச்சினன் பற்றியோ ஒன்றும் இல்லை. வாசகர் இவரைக் கறாரான ஆள் என்று நினைப்பார், அல்லது எழுதப் படிக்கத் தெரியாதவரோ என்று நினைப்பார். இரண்டும் தப்பு, ஆனால் இரண்டும் நமக்கு உதவும். ஒரு சின்ன முள்ளை வைத்தாயிற்று. அது இருப்பதே தெரியாமல் வாசகர் மேலே போவார்.

நித்யா வந்து கேட்கிறாள். மாணிக்கத்தின் கண் தியா போட்டிருக்கும் ஜாக்கெட் மேல் போகிறது.

"ரெண்டு இன்ச் லூஸ்" என்றார். "ரெண்டு சைடுலயும் அரை அரை இன்ச் பிடிச்சாப் போதும்."

"அரை அரைன்னா ஒரு இன்ச்தானேண்ணா?"

"முன்னாடி அரை, பின்னாடி அரை. ஒரு சைடுக்கு ஒரு இன்ச் வந்துரும். உள்ள துணிய வெட்ட வேண்டாம் மேடம், வாடகைத் துணி. நாளைக்கு வேற பாப்பாவுக்குப் போகும்."

தொழில் தெரிந்தவரின் பேச்சு இது. டேப்பைத் தொடாமலே அளவு சொல்கிறார், ஓரத் தையலில் அரை அங்குலம் உள்ளே தள்ளினால் முன்துணியிலும் பின்துணியிலுமாக ஓர் அங்குலம் குறையும் என்ற கணக்கு அவருக்கு மூச்சு விடுவதுபோல வருகிறது, அடுத்து உடுத்தப்போகும் குழந்தையையும் நினைக்கிறார். "மாணிக்கம் திறமையான தையல்காரராக இருந்தவர்" என்று எழுத வேண்டிய அவசியம் போய்விட்டது. அந்த வாக்கியம் வாசகரை நம்பச் சொல்கிறது. இந்தப் பேச்சைக் கேட்டால் வாசகரே அப்படி முடிவு செய்துவிடுவார்.

"உங்களுக்குத் தைக்கத் தெரியுமாண்ணா?" என்று நித்யா கேட்கிறாள். இதற்கு மாணிக்கம் பதில் சொன்னால் முன்கதை கொட்ட ஆரம்பித்துவிடும். அதனால் அவர் பதில் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுக்கிறார். பழைய வேட்டித் துணியில் சுற்றிய கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைக்கிறார்.

தியா அதை எடுத்து, கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டின் ஓரத்தில் வைத்தாள். மாணிக்கம் பாய்ந்து வாங்கிக்கொண்டார். அவர் அவ்வளவு வேகமாக எழுந்து நித்யா பார்த்ததில்லை.

"இது துணி வெட்டுறது பாப்பா. வேற எதையும் வெட்டக் கூடாது."

பிடியில் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருந்ததைத் தியா எழுத்துக் கூட்டிப் படித்தாள். "க… வி… தா. கவிதா யாரு தாத்தா?"

"கடை" என்றார்.

இந்தச் சின்ன இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கத்தரிக்கோல் வெறுமனே வைக்கப்படவில்லை, அதை ஒருவர் எடுக்கிறார், இன்னொருவர் பிடுங்குகிறார். பொருளை வைத்து இருவருக்குள் ஏதாவது நடந்தால்தான் அது கதைக்குள் வரும். "அவரது அறையில் ஒரு பழைய கத்தரிக்கோல், ஒரு இஞ்ச் டேப், ஒரு நோட்டு இருந்தன" என்று எழுதினால் அது சாமான் பட்டியல். பொருளை எடுத்துவிட்டால் காட்சி நடக்காமல் போகுமா என்று பாருங்கள். போகும் என்றால் பொருள் வேலை செய்கிறது.

அடுத்தது அந்த "கடை" என்ற பதில். மாணிக்கம் பொய் சொல்லவில்லை. கடையின் பெயர் அதுதான். முழுசாகவும் சொல்லவில்லை. வாசகருக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது, இவர் கடை வைத்திருந்தவர். தையல்கடைகளுக்குப் பெண் பெயர் வைப்பது சகஜம் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இதே பெயர் இன்னொரு முறை வரும்போதுதான் முதல் பதிலின் அர்த்தம் மாறும்.

ஜாக்கெட்டின் நிறத்துக்கு நூல் எடுத்து வர நித்யா மாடிக்குக் கிளம்புகிறாள். போகிற போக்கில் ஒன்று சொல்கிறாள்.

"நாளைக்குச் சாயங்காலம் ட்ரெஸ்ஸ வாங்கிட்டுப் போக ஆள் வருவான். நான் ஆபீஸ்ல இருப்பேன். நீங்களே ரசீதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்கண்ணா."

"துணியக் குடுத்துடுறேன். கையெழுத்து மட்டும் வேண்டாம் மேடம்." பெட்டிக்குள் ஊசியைத் தேடிக்கொண்டே சொன்னார். "மச்சினனுக்கு ஒண்ணு போட்டேன். கடை போச்சு."

இது நேரடியாகச் சொல்வதுதான். ஆனால் ஐந்தே வார்த்தையில் முடிந்துவிடுகிறது, அந்த ஐந்து வார்த்தைக்காகக் கூரியர் பையன் வந்த நேரத்திலிருந்து ஓர் இடம் காலியாகக் காத்திருந்தது. கடன் எவ்வளவு, யாரிடம், எப்படி ஜப்தி ஆனது என்பதெல்லாம் வாசகருக்கு இனித் தேவைப்படாது. பொருளும் செயலும்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. ஜாமீன் கையெழுத்தை வெறும் பொருளால் காட்ட முயன்றால், பெட்டிக்குள் ஒரு பழைய வக்கீல் நோட்டீஸை வைத்து யாரையாவது அதைப் படிக்க வைக்க வேண்டும். அதைவிட ஒரு வாய்ப்பேச்சு எவ்வளவோ இயல்பு.

இப்போது தியாவும் மாணிக்கமும் மட்டும் இருக்கிறார்கள். நூல் வந்ததும் அவசரமாகத் தைத்துக் கொடுத்தால் போதும், அளவு எழுத அவசியமே இல்லை. ஆனாலும் பழக்கத்தில் அவர் டேப்பை எடுத்து அளக்கிறார், பெட்டியிலிருந்து நீள நோட்டை எடுக்கிறார். கை போகும் வழியில் நோட்டின் பின்பக்கம் திறந்துகொள்கிறது. வீட்டு ஆட்களின் அளவை எழுதும் பக்கம் அது.

தியா போன் வெளிச்சத்தை நோட்டின் மேல் பிடித்தாள். "கவிதா. தொண்ணூத்து மூணு, பாவாடை இருபத்து நாலு. தொண்ணூத்து நாலு, இருபத்தஞ்சரை. தொண்ணூத்தஞ்சு, இருபத்தேழு." நிறுத்தினாள். "கவிதா கடைன்னு சொன்னீங்க?"

மாணிக்கம் குண்டூசிகளை உதட்டில் கவ்வியிருந்தார்.

"எல்லாத்துக்கும் டிக் போட்டிருக்கு." அவள் விரல் பக்கத்தின் அடி வரைக்கும் போயிற்று. அங்கே மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுத் துண்டு குத்தியிருந்தது. "ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. ஜாக்கெட். இதுக்கு மட்டும் டிக் இல்ல தாத்தா."

உதட்டிலிருந்து ஓர் ஊசியை எடுத்தார். "கையத் தூக்கு பாப்பா."

மகள் என்ற வார்த்தையே இதில் இல்லை. கல்யாணம், கோபம், வருத்தம் எதுவும் இல்லை. ஐந்து வயதிலிருந்து வருடா வருடம் தீபாவளிக்குப் பாவாடை தைத்துப் போட்ட ஓர் அப்பா இருக்கிறார், ஒரு பட்டு ஜாக்கெட் இருக்கிறது, கொடுக்கப்படவில்லை. கடைக்கு ஏன் அந்தப் பெயர் என்பதும் இப்போது வாசகருக்குத் தெரிந்துவிடும். முன்பு கேட்ட "கடை" என்ற ஒற்றைப் பதிலை நினைத்துப் பார்ப்பார். அந்தக் கணத்தில் நடப்பதை வாசகரே நடத்திக்கொள்கிறார். அதை நாம் செய்து கொடுத்தால் அவருக்கு எதுவும் மிஞ்சாது.

பதில் சொல்ல முடியாதபடி மாணிக்கத்தின் வாயில் குண்டூசிகள் இருப்பதையும் கவனியுங்கள். தையல்காரர்களிடம் சாதாரணமாகப் பார்க்கிற பழக்கம், ஆனால் இங்கே அது மௌனத்துக்கு ஒரு காரணத்தைக் கொடுக்கிறது. "அவர் மௌனமானார்" என்று எழுதத் தேவையில்லாமல் போகிறது.

எங்கே சறுக்கும்

பொருளை வைத்து எழுதச் சொன்னதும் முதலில் வருகிற சறுக்கல் இது: "கத்தரிக்கோலைப் பார்த்ததும் மாணிக்கத்தின் மனம் பின்னோக்கிச் சென்றது. அப்போது கவிதாவுக்கு ஒரு வயது…" இப்படித் தொடங்கி ஒன்றரைப் பக்கம் போகும். வெட்டியெறிந்த அதே விளக்கப் பத்திக்குக் கத்தரிக்கோலை வாசல்கதவாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கண்டுபிடிப்பது சுலபம். பொருள் வந்த பிறகு கதை நேரம் நின்றுவிட்டதா என்று பாருங்கள். தியாவும் நித்யாவும் அந்த ஒன்றரைப் பக்கமும் அசையாமல் நின்றிருந்தால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

அடுத்த சறுக்கல் பேச்சில் வரும். விளக்கத்தை வாக்கியமாக எழுதக் கூடாதென்று பாத்திரத்தின் வாயில் போட்டுவிடுவார்கள். "உனக்குத்தான் தெரியுமே மாணிக்கம், நீ 23 வருஷமா ராஜபாளையத்துல கடை வெச்சிருந்தவன், பொண்ணு கல்யாணத்துக்குக்கூடப் போகல." இருவருக்கும் தெரிந்த ஒன்றை இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள், சண்டை என்றால் ஒழிய. நம் கதையில் பேச்சு இயல்பாக வந்ததற்குக் காரணம், நித்யாவுக்கும் தியாவுக்கும் மாணிக்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதுதான். தெரியாத ஓர் ஆளைக் காட்சிக்குள் கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்துவிடும். அந்த ஆள் குழந்தையாக இருந்தால் இன்னும் நல்லது, பெரியவர்கள் கேட்கத் தயங்குவதைக் கேட்டுவிடும்.

மூன்றாவது, காட்டிவிட்டு மறுபடி சொல்வது. டிக் இல்லாத வரியைத் தியா படித்த பிறகு, "மகளின் கல்யாண ஜாக்கெட்டைத் தைக்காமல் விட்ட குற்ற உணர்ச்சி அவரை வாட்டியது" என்று ஒரு வரி சேர்க்கக் கை துடிக்கும். வாசகருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம் அது. இந்தப் பயத்துக்கு நல்ல மருந்து, கதையை முன்பின் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுப்பது. கத்தரிக்கோல் காட்சி முடிந்ததும் நிறுத்தி, "இந்த ஆள் யார், இவரைப் பற்றி உங்களுக்கு இன்னும் என்ன தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள். தையல்காரர் என்பது தெரிந்திருக்க வேண்டும், கடைக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி இருக்க வேண்டும். "எனக்கு எல்லாம் தெரியும்" என்றால் அதிகமாகச் சொல்லியிருக்கிறீர்கள். "ஒன்றும் பிடிபடவில்லை" என்றால் குறைவு. குறைவு என்று தெரிந்தால் விளக்கத்தைச் சேர்க்காதீர்கள், தடத்தை இன்னும் தெளிவாக்குங்கள். உதாரணமாக, பட்டுத் துண்டு பிடிபடாத வாசகருக்காக அந்த வரியில் "கல்யாணம்" என்ற ஒரு வார்த்தையை மாணிக்கத்தின் கையெழுத்திலேயே எழுதி வைக்கலாம்.

யார் கண்ணால் பார்க்கிறோம்

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு, அதை மீறினால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். மேலே உள்ள காட்சிகளை வெளியிலிருந்தே எழுதியிருக்கிறேன். நித்யாவும் தியாவும் பார்க்கக்கூடியதைத்தான் நாமும் பார்க்கிறோம். அதனால் மகளைப் பற்றிக் கடைசிவரை தெரியாமல் இருப்பது நியாயம். அதே கதையை மாணிக்கத்தின் மனதுக்குள் இருந்து எழுதினால் நிலைமை வேறு. ஒரு பெண் குழந்தையின் ஜாக்கெட்டைக் கையில் வாங்கும்போது அவருக்குக் கவிதாவின் நினைவு வராமல் இருக்காது. மனதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அதை மட்டும் வாசகரிடம் மறைத்தால் அது வித்தைக்காரத்தனம். மனதுக்குள்ளிருந்து எழுத விரும்பினால் மகளைப் பற்றி முன்பே தெரியட்டும், மெதுவாகத் திறப்பதை வேறொன்றுக்கு வையுங்கள். மகள் இருக்கிறாள் என்பது முதலிலேயே தெரியலாம், ஜாக்கெட்டைத் தைக்காமல் விட்டார் என்பதைத் தனக்குத் தானே ஒப்புக்கொள்ள அவர் தயங்குவதைக் கடைசி வரை கொண்டுபோகலாம்.

நீளமாகச் சொல்வதே தப்பு என்றும் நினைக்க வேண்டாம். கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி காவியத்தில் 19ஆம் பகுதியில் புகழ்பெற்ற ஓர் இடம் இருக்கிறது. ஒடிசியஸ் பிச்சைக்காரன் வேடத்தில் சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறான். அவனைச் சிறு வயதில் வளர்த்த செவிலி யூரிக்ளியா, யாரென்று தெரியாமல் அவன் காலைக் கழுவுகிறாள். தொடையருகே இருக்கும் தழும்பில் அவள் கை படுகிறது. அந்த இடத்தில் ஹோமர் கதையை நிறுத்திவிட்டு, தாத்தாவின் வீட்டுக்குப் போனபோது காட்டுப்பன்றி கிழித்த காயம் அது என்பதை எழுபது வரிக்கும் மேல் விரிவாகச் சொல்கிறார். பிறகு திரும்பி வந்தால் கால் அவள் கையிலிருந்து நழுவுகிறது, பாத்திரம் கவிழ்கிறது, தண்ணீர் தரையில் ஓடுகிறது. அந்த நீண்ட விளக்கம் நிற்பதற்குக் காரணம் அது வைக்கப்பட்ட இடம். அடையாளம் தெரிந்துவிட்டால் அவன் உயிருக்கே ஆபத்து. வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் எவ்வளவு நீளமாகச் சொன்னாலும் கேட்பார். அதே எழுபது வரியை அவன் ஊருக்குள் நுழைந்ததுமே சொல்லியிருந்தால் வெறும் வேட்டைக் கதையாகப் போயிருக்கும்.

வெட்டிய பத்தியை என்ன செய்வது

முதல் பிரதியில் விளக்கப் பத்தி வந்தால் வரட்டும். எழுதுகிறவருக்கு அது தேவை. இரண்டாம் பிரதியில் கதையிலிருந்து எடுத்துத் தனித் தாளில் வைத்துக்கொள்ளுங்கள், தூக்கிப் போடாதீர்கள். முன்கதை இப்படித் துண்டு துண்டாக வரும்போது வருடக் கணக்கு பிசகுவது மிகச் சுலபம், எல்லாம் ஒரே இடத்தில் இல்லாததால் எழுதுகிறவர் கண்ணிலேயே படாது.

நம் கதைக்கு அந்தத் தாளில் இவ்வளவு இருந்தால் போதும்: கவிதா பிறந்தது 1988, கடை திறந்தது 1989, நோட்டில் முதல் பாவாடை 1993, ஜாக்கெட் அளவு 2011, கடை போனது 2012, இன்றைய இரவு 2019. இதை வைத்துச் சரிபார்த்தால், மகள் பெயரில் கடை என்பதால் மகள் முதலில் பிறந்திருக்க வேண்டும் என்பது பொருந்துகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாவாடை உயரம் 24 அங்குலம் என்பது சரியாக வருகிறது. கல்யாணத்தின்போது கவிதாவுக்கு 23 வயது. பட்டுத் துண்டு எட்டு வருடம் நோட்டுக்குள் இருந்திருக்கிறது. அப்படியென்றால் அதைக் குத்திய குண்டூசி துருப்பிடித்திருக்கும், துணியில் சின்னதாக ஒரு பழுப்புக் கறை இருக்கும். தியா பார்க்கும் அந்தக் காட்சியில் இந்தக் கறையையும் சேர்த்துக்கொள்ளலாம்.